ட்ரெட்மில் டெஸ்கில் நாள் முழுக்க நடந்தால் உண்மையில் எத்தனை கிலோமீட்டர்?

"ட்ரெட்மில் டெஸ்க் வாங்கிக் கொஞ்ச நாள் ஆச்சு. காலை 9-லிருந்து மாலை 5:30 வரை வேலை, நடுவில் அரை மணி சாப்பாடு. வேகம் பெரும்பாலும் 2.5-ல் இருக்கும். டைப் அடிக்கும்போது 1.8, மீட்டிங்கில் சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் 3. எட்டு மணி நேரத்தை 2.5-ஆல் பெருக்கினால் 20 கி.மீ. வருது. ஆனா நேற்று சாயங்காலம் மெஷின் திரையில் 2.08 தான் இருந்தது, கையில் கட்டின வாட்ச் 5.1 கி.மீ., 7,300 ஸ்டெப்ஸ் என்றது. மூணில் எது சரி? நாள் முழுக்க நடந்ததை எப்படிக் கணக்குப் போடுவது?"

மூணும் சரியில்லை. நீங்கள் சொன்ன வேகங்களை வைத்துப் பார்த்தால் உண்மையான தூரம் 8 கி.மீ.க்கு அக்கம்பக்கத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். எப்படி என்று கீழே போட்டுக் காட்டுகிறேன், உங்கள் எண்களை வைத்து நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

சூத்திரம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், வேகம் பெருக்கல் நேரம். அதில் சிக்கலே இல்லை. சிக்கல் இருப்பது எந்த வேகம், எந்த நேரம் என்பதில். திரை காட்டும் வேகத்தில் பெல்ட் ஓடாமல் இருக்கலாம். வேலை நேரம் எட்டு மணி என்றாலும் பெல்ட் ஓடிய நேரம் அதில் பாதிகூட இல்லாமல் போகலாம், பெல்ட் ஓடிய நேரத்திலும் நீங்கள் அதன்மேல் நடந்த நேரம் இன்னும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். இதில் பெரிய பிழை நேரத்தில்தான் வரும், அதனால் முதலில் அதைப் பார்ப்போம்.

20 கி.மீ. என்பது அரை மாரத்தானுக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர்தான் குறைவு. தினமும் வேலை பார்த்துக்கொண்டே அவ்வளவு நடந்திருந்தால் உங்கள் கால் உங்களிடம் சொல்லியிருக்கும், இங்கே கேட்கவேண்டிய அவசியம் வந்திருக்காது.

அப்புறம் அந்த 2.08. அது தப்பான எண் இல்லை, அது நாள் முழுக்கான கணக்கு இல்லை, அவ்வளவுதான். 2.08-ஐ 2.5-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கிப் பாருங்கள், 50 நிமிடம் வரும். அதாவது சாயங்காலம் கடைசியாக 2.5-ல் ஒரு 50 நிமிடம் நடந்திருக்கிறீர்கள், திரை அதை மட்டும் காட்டுகிறது. பல மெஷின்கள் சில நிமிடம் நிறுத்தி வைத்தால் தூங்கிவிடும், மறுபடி ஆன் செய்தால் நேரம், தூரம் எல்லாம் 0-விலிருந்து தொடங்கும். சிலவற்றில் நேரத்துக்கு 99:59 தான் உச்சம், அதைத் தாண்டினால் மறுபடி 0. ஆகவே சாயங்காலம் திரையைப் பார்த்து நாள் கணக்கு எழுதுகிறவர்களில் பலர் கடைசி நடையைத்தான் எழுதிக்கொண்டிருப்பார்கள். ஆப் இருக்கிற மெஷின் என்றால் அதில் நாள் மொத்தம் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் குறித்துவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சரி, ஒரு நாளை எழுதிப் பார்ப்போம். வேகங்கள் உங்களுடையவை, நேரங்கள் நான் போட்டவை, உங்கள் நாளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். காலை 9:10-லிருந்து 10:00 வரை மெயில் படிக்க 2.5-ல் 50 நிமிடம். 10:30-லிருந்து 11:10 வரை டைப் அடிக்க 1.8-ல் 40 நிமிடம். 11:30-லிருந்து 12:15 வரை மீட்டிங், 3.0-ல் 45 நிமிடம். சாப்பாட்டுக்குப் பிறகு 2:15-லிருந்து 3:10 வரை மறுபடி டைப், 1.8-ல் 55 நிமிடம். கடைசியாக 4:00-லிருந்து 4:50 வரை 2.5-ல் 50 நிமிடம், திரையில் நீங்கள் பார்த்த 2.08 இதுதான். மொத்தம் 240 நிமிடம், நான்கு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்தோ, நின்றோ, எழுந்து வெளியே போயோ கழிந்தது. எட்டு மணி நேர வேலையில் நான்கு மணி நேரம் பெல்ட் ஓடினாலே அது கணிசமான நடை, யாரும் அதைக் குறைவு என்று சொல்லமாட்டார்கள்.

இதில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பெருக்கவேண்டும். மனக்கணக்குக்கு ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: மணிக்கு 6 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 100 மீட்டர், 3 என்றால் 50 மீட்டர். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். 1.8 என்றால் நிமிடத்துக்கு 30 மீட்டர், 2.5 என்றால் சுமார் 41.7 மீட்டர். இப்போது 2.5-ல் மொத்தம் 100 நிமிடம், அது 4.17 கி.மீ. 1.8-ல் 95 நிமிடம், 2.85 கி.மீ. 3.0-ல் 45 நிமிடம், 2.25 கி.மீ. கூட்டினால் 9.27 கி.மீ.

இங்கே நிறையப் பேர் ஒரு குறுக்குவழி எடுப்பார்கள். 2.5, 1.8, 3.0 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, சராசரி 2.43, நான்கு மணி நேரத்துக்கு 9.73 என்று முடித்துவிடுவார்கள். அரை கிலோமீட்டர் சும்மா கூடிவிட்டது. 3.0-ல் நடந்தது 45 நிமிடம், 1.8-ல் நடந்தது 95 நிமிடம், இரண்டுக்கும் ஒரே எடை கொடுத்ததால் வந்த வினை. உண்மையான சராசரி 9.27-ஐ 4-ஆல் வகுத்தால் வருவது, 2.32. நீங்கள் டைப் அடிக்கிற நேரம் அதிகமாக ஆக இந்தக் குறுக்குவழி இன்னும் அதிகமாகப் பொய் சொல்லும்.

இன்னொரு வழுக்கலும் உண்டு. திரையில் 1:35 என்று இருந்தால் அது 1.35 மணி நேரம் இல்லை, 1.58 மணி நேரம். கால்குலேட்டரில் 1.35 என்று தட்டிவிட்டு ஏன் தூரம் குறைகிறது என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் நிமிடமாகவே வைத்துக்கொண்டு கடைசியில் ஒருமுறை 60-ஆல் வகுங்கள், இந்தத் தொல்லையே வராது. ஸ்ப்ரெட்ஷீட்டில் A பத்தியில் வேகம், B பத்தியில் நிமிடம் போட்டால் ஒரு வரி போதும்:

```
=SUMPRODUCT(A2:A6,B2:B6)/60
```

ஆக 9.27. ஆனால் இது பெல்ட் ஓடிய தூரம்தான், அதுவும் திரையை அப்படியே நம்பினால். இதில் இரண்டு கழிவு இருக்கிறது.

முதலாவது, பெல்ட் ஓடுகிறது, நீங்கள் நடக்கவில்லை. டெஸ்கில் நடக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம் இது. ஏதோ ஒரு வரியைக் கவனமாகப் படிக்கவேண்டும், அல்லது மீட்டிங்கில் திடீரென்று உங்கள் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டுவிட்டார்கள், உடனே இரண்டு காலையும் தூக்கிப் பெல்ட்டின் இரண்டு பக்கமும் இருக்கிற பிளாஸ்டிக் ஓரத்தில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவீர்கள். நிறுத்தினால் மறுபடி 3, 2, 1 என்று எண்ணித்தான் தொடங்கும் என்பதால் யாரும் நிறுத்துவதில்லை. காலுக்கு நடுவில் பெல்ட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், திரையில் தூரமும் ஏறிக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கைபேசி போதும், ஆனால் அது மேஜைமேல் இருக்கக்கூடாது, பேண்ட் பாக்கெட்டில் இருக்கவேண்டும். முதலில் 2.5-ல் ஒரு நிமிடம் நடந்து எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று நீங்களே எண்ணுங்கள். 84 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 நிமிட நடையில் 4,200 வரவேண்டும். பாக்கெட்டில் இருந்த கைபேசியில் அந்த 50 நிமிடத்துக்கு 3,860 மட்டும் ஏறியிருந்தால், 3,860-ஐ 84-ஆல் வகுத்து 46 நிமிடம், அதாவது நான்கு நிமிடம் ஓரத்தில் நின்றிருக்கிறீர்கள். (கைபேசி சரியாக எண்ணுகிறதா என்ற சந்தேகம் இருந்தால் முதலில் 100 அடியை நீங்கள் எண்ணி, அதோடு ஒப்பிட்டுவிடுங்கள்.) ஐந்து துண்டிலும் இப்படி நான்கு நான்கு நிமிடம் போனால் மொத்தம் 20 நிமிடம். சராசரி 2.32-ல் அது 0.77 கி.மீ. மீதி 8.5. தினமும் இதைச் செய்யத் தேவையில்லை, இரண்டு மூன்று நாள் பார்த்தால் உங்கள் பழக்கம் என்னவென்று தெரிந்துவிடும், பிறகு அதே விகிதத்தைக் கழித்துக்கொண்டு போகலாம்.

இரண்டாவது கழிவுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். திரையில் 2.5 என்று இருப்பது பெல்ட்டை அளந்து சொன்ன எண் இல்லை. பெரும்பாலான மெஷின்கள் மோட்டாரோ உருளையோ எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை வைத்து, ஆலையில் போட்ட ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகின்றன. நடுவில் பெல்ட் உருளைமேல் வழுக்கினால் அது மெஷினுக்குத் தெரியாது. நீங்கள் காலை ஊன்றும்போது உடல் எடையால் பெல்ட்டுக்கும் கீழே இருக்கிற பலகைக்கும் உராய்வு கூடும், சின்ன மோட்டார் என்றால் அந்த நொடியில் கொஞ்சம் தடுமாறும். மெதுவான வேகத்தில், அதுவும் கொஞ்சம் எடை கூடின ஆள் என்றால், இது நன்றாகவே தெரியும். ஆகவே பெல்ட்டை நாமே அளக்கவேண்டும், அதுவும் ஆள் மேலே நடக்கும்போது.

தேவை ஒரு அளக்கும் டேப், ஒரு துண்டு வெள்ளை மாஸ்கிங் டேப், ஒரு கைபேசி. மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பெல்ட்டின் ஓரமாக, கால் படாத இடத்தில், அந்த வெள்ளைத் துண்டை ஒட்டுங்கள். நன்றாக அழுத்தி ஒட்டவேண்டும், தூக்கிக்கொண்டிருந்தால் உருளைக்குள் சுருண்டுவிடும். பிறகு பெல்ட்டின் முழுச் சுற்றளவை அளக்கவேண்டும். பெல்ட்டைக் கையால் நகர்த்தி நகர்த்தி, அங்கங்கே சாக்பீஸால் கோடு போட்டு, வெள்ளைத் துண்டு திரும்பி வரும் வரை அளப்பது ஒரு வழி. பெல்ட் கையால் நகராத மெஷின் என்றால் முன் உருளையின் மையத்திலிருந்து பின் உருளையின் மையம் வரை அளந்து இரண்டால் பெருக்கி, அதோடு உருளையின் சுற்றளவைச் சேருங்கள். மையத்துக்கு மையம் 117 செ.மீ., உருளையின் விட்டம் 4.5 செ.மீ. என்றால், 234-ம் 14-ம் சேர்ந்து 248 செ.மீ., அதாவது 2.48 மீட்டர். இது ஒருமுறை அளந்தால் போதும், பெல்ட்டை மாற்றும் வரை.

இப்போது பிளக்கைப் போட்டு, 2.5 வைத்து, வழக்கம்போல நடங்கள். கைபேசியைப் பக்கத்தில் தரையில் சாய்த்து வைத்து பெல்ட்டை வீடியோ எடுங்கள், கைபேசி கையில் இருந்தால் நடையே மாறிவிடும். வீடியோவை நிதானமாக ஓட்டி வெள்ளைத் துண்டு ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தாண்டுவதை எண்ணுங்கள். முதல் முறை தாண்டும்போது நேரத்தைக் குறித்துக்கொண்டு "பூஜ்யம்" என்று எண்ணவேண்டும், "ஒன்று" இல்லை. இது முக்கியம். ஒன்று என்று தொடங்கினால் 19 சுற்றை 20 என்று எழுதிவிடுவீர்கள், அதிலேயே 5 சதவீதம் பிழை, அளக்க வந்த பிழையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். நேரத்தில் அரை நொடி முன்பின் ஆனால் பாதகமில்லை, ஒரு சதவீதம்கூட வராது.

20 சுற்றுக்கு 76 நொடி ஆனது என்று வைத்துக்கொள்வோம். 20 பெருக்கல் 2.48, அதாவது 49.6 மீட்டர். 76-ஆல் வகுத்தால் நொடிக்கு 0.653 மீட்டர், அதை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 2.35 கி.மீ. திரை சொன்னது 2.5. ஆக உங்கள் பெருக்கு எண் 2.35 வகுத்தல் 2.5, அதாவது 0.94. திரை சரியாக இருந்திருந்தால் அதே 20 சுற்றுக்கு 71.4 நொடி ஆகியிருக்கும். இதே அளவை ஆள் இல்லாமல் பெல்ட்டை மட்டும் ஓடவிட்டும் எடுத்துப் பாருங்கள். ஆள் இல்லாதபோது 71 நொடி, ஆள் ஏறினால் 76 என்றால் குறை உராய்விலோ வழுக்கலிலோ இருக்கிறது. இரண்டிலும் 76 என்றால் ஆலையில் போட்ட எண்ணே தப்பு, நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை, 0.94-ஆல் பெருக்கிக்கொண்டு போகவேண்டியதுதான். வழுக்கல் என்றால் காலை ஊன்றும்போது பெல்ட் ஒரு கணம் நின்று பிறகு இழுப்பது பாதத்திலேயே தெரியும். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் இருக்கும் போல்ட்டை ஆலன் கீயால் கால் கால் சுற்றாக, இரண்டு பக்கமும் சமமாக இறுக்கினால் சரியாகும். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் பெல்ட் ஒரு ஓரமாகப் போய் உரச ஆரம்பிக்கும்.

இந்த 0.94 எல்லா வேகத்துக்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. பொறுமை இருந்தால் 1.8-லும் 3.0-லும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் அதிகம் நடக்கிற வேகத்தில் அளந்ததை மற்றதற்கும் போடலாம், பெரிய தப்பு வராது. நம் கணக்குக்கு 8.5-ஐ 0.94-ஆல் பெருக்கினால் 7.99. அதுதான் நான் முதலில் சொன்ன 8 கி.மீ.

7.99 என்று எழுதிவைக்காதீர்கள். வேகமே திரையில் 0.1 படியாகத்தான் மாறுகிறது, 1.8 என்று இருப்பது 1.75-ஆகவும் இருக்கலாம் 1.85-ஆகவும் இருக்கலாம், அதுவே மூன்று சதவீதம் இங்கே அங்கே. 8 என்று எழுதுங்கள், கால் கிலோமீட்டர் முன்பின் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிலர் பெல்ட் தொடங்கும்போது மெதுவாக ஏறுகிற அந்தச் சில நொடிகளையும் கழிக்கவேண்டுமா என்று கேட்பார்கள். 2.5-க்கு வர 10 நொடி ஆனால் இழப்பு மூன்றரை மீட்டர். நாளைக்குப் பத்து முறை தொடங்கினாலும் 35 மீட்டர்தான், விட்டுவிடுங்கள். பெல்ட்மேல் கொஞ்சம் முன்னே போய்ப் பின்னே வருவதும் அப்படித்தான், நாள் முடிவில் நீங்கள் அதே மேஜைக்கு முன்னால்தான் நிற்கிறீர்கள், அதனால் பெல்ட் ஓடிய தூரமும் நடந்த தூரமும் ஒன்றே.

இதுவரை உங்கள் 2.5 மணிக்கு 2.5 கிலோமீட்டர் என்றே எடுத்துக்கொண்டேன். அது மைலாக இருந்தால் கதையே வேறு. சில மெஷின்களில் km/h, mph இரண்டும் உண்டு, ரிமோட்டில் ஏதோ பட்டனை அழுத்திப் பிடித்தால் மாறிவிடும், திரையிலோ எண் மட்டும்தான் இருக்கும். திரையில் ஏறுகிற தூரத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்கமுடியாது. 2.5-ல் 24 நிமிடம் நடந்தால் திரை 1.00 என்றுதான் காட்டும், அது கிலோமீட்டராக இருந்தாலும் சரி மைலாக இருந்தாலும் சரி, ஏனென்றால் வேகமும் தூரமும் ஒரே அலகில் சேர்ந்தே மாறும். இதற்கும் அந்த வெள்ளைத் துண்டுதான் வழி. நம் பெல்ட்டில் 2.5 கிலோமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு மூன்றரை நொடிக்குக் கொஞ்சம் மேலே, 2.5 மைல் என்றால் இரண்டேகால் நொடி. வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கணக்குப் போட்டு வரும் பெருக்கு எண் 0.94, 0.97 என்று 1-ஐ ஒட்டி இல்லாமல் 1.5, 1.6 என்று வந்தால் சந்தேகமே வேண்டாம், திரை மைலில் இருக்கிறது. அப்போது தனியாக 1.609-ஆல் பெருக்கவேண்டாம், உங்கள் பெருக்கு எண்ணுக்குள் அது ஏற்கெனவே இருக்கிறது, இரண்டு முறை பெருக்கிவிடுவீர்கள். 2.5 மைல் என்பது மணிக்கு 4 கி.மீ., அதில் டைப் அடிப்பது கஷ்டம். உங்கள் 1.8-2.5-3 பழக்கத்தைப் பார்த்தால் கிலோமீட்டர்தான் என்று தோன்றுகிறது, ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக வாட்ச். 5.1 கி.மீ.யை 7,300-ஆல் வகுத்தால் ஒரு அடிக்கு 70 செ.மீ. வருகிறது. அதாவது வாட்ச் உங்கள் ஒவ்வோர் அடியையும் 70 செ.மீ. என்று வைத்துக்கொண்டிருக்கிறது, அனேகமாக நீங்கள் கொடுத்த உயரத்திலிருந்து ஊகித்தது. சாலையில் விறுவிறுவென்று நடக்கும்போது அது சரியாக இருக்கலாம். டெஸ்கில் 2.35 உண்மையான வேகத்தில் நிமிடத்துக்கு 39 மீட்டர், 84 அடி, அதாவது ஒரு அடிக்கு 47 செ.மீ. தான். மெதுவாக நடந்தால் அடியும் சின்னதாகும், 1.8-ல் இன்னும் சின்னதாக இருக்கும். இது ஒரு பக்கப் பிழை, தூரத்தைக் கூட்டிக்காட்டும். இன்னொரு பக்கம், கை கீபோர்டில் அசையாமல் இருப்பதால் வாட்ச் பாதிக்கு மேல் அடிகளை எண்ணவே இல்லை. 8 கி.மீ.க்கு 17,000 அடியை ஒட்டி வந்திருக்கவேண்டும், அதில் கிடைத்தது 7,300, அதிலும் நீங்கள் பெல்ட்டில் இல்லாதபோது வீட்டுக்குள்ளோ ஆபீசுக்குள்ளோ நடந்ததும் சேர்ந்திருக்கும். ஒரு பிழை கூட்டுகிறது, இன்னொன்று குறைக்கிறது, இரண்டும் சேர்ந்து 5.1 என்று பார்க்க நம்பும்படியான ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டது. மூன்று எண்களில் இதுதான் மோசமானது என்பேன், 20-ஐப் பார்த்தால் உங்களுக்கே சந்தேகம் வந்தது, இதைப் பார்த்தால் வராது.

வாட்சைக் கழற்றி பாக்கெட்டில் போட்டாலோ சாக்ஸுக்குள் செருகினாலோ அடி எண்ணிக்கை சரியாகும், ஆனால் தூரம் அப்போதும் சரியாகாது, 70 செ.மீ. அப்படியே இருக்கும், இப்போது 17,000 அடிக்கு 12 கி.மீ. என்று சொல்லும். சில வாட்ச்களில் உள்ளரங்க நடை என்று ஒன்று இருக்கும், முடித்ததும் உண்மையான தூரத்தை நீங்களே திருத்திக் கொடுக்கலாம். அதில் திரை காட்டுவதைக் கொடுக்காமல், 0.94-ஆல் பெருக்கிய தூரத்தைக் கொடுங்கள். அதுவும் ஒரே வேகத்தில் நடந்தால்தான் ஒத்துவரும். 1.8-லும் 3.0-லும் மாறி மாறி நடக்கிற உங்களுக்கு அடியின் நீளம் மாறிக்கொண்டே இருப்பதால், அடிகளை நேரம் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள், தூரத்தைப் பெல்ட்டிடமிருந்து எடுங்கள்.

நடைமுறையில் இது நாளைக்கு இரண்டு நிமிட வேலைகூட இல்லை. மேஜையில் ஒரு சின்னத் தாள், ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் வேகம், நிமிடம் என்று இரண்டு எண். நடுவில் வேகத்தை மாற்றினால் மாற்றிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது இன்னும் சுலபமாக, நிறுத்துமுன் திரையில் இருக்கும் தூரத்தை மட்டும் எழுதுங்கள். வேகம் மாறியதையெல்லாம் மெஷினே கூட்டி வைத்திருக்கும், நீங்கள் சாயங்காலம் ஐந்து எண்ணைக் கூட்டி, ஓரத்தில் நின்ற நேரத்துக்குச் சுமார் 8 சதவீதம் கழித்து, 0.94-ஆல் பெருக்கினால் முடிந்தது. 9.27, 8.5, 8. நிறுத்துமுன் என்பதுதான் இதில் முக்கியம், நிறுத்தினதும் சில திரைகள் எல்லாவற்றையும் அழித்துவிடும்.

பெல்ட்டை இறுக்கினாலோ, கீழே சிலிக்கோன் ஆயில் விட்டாலோ, வேறு யாராவது அதே மெஷினில் நடக்க ஆரம்பித்தாலோ மறுபடி அந்த 20 சுற்றை எண்ணிவிடுங்கள், 0.94 மாறியிருக்கும். பழைய நாட்களுக்கு எழுதிவைத்ததைத் திருத்தப் போகாதீர்கள், அந்த நாட்களில் பெல்ட் எப்படி ஓடியதோ அதற்கு அந்த எண்தான்.